வெள்ளவத்தை வீட்டு மணிக்கூடு 1887 ஆம் ஆண்டுச் சாமானா?

கடலோர_வீடு, பெப்ரவரி 2, இரவு 9.10
எங்கள் விறாந்தைச் சுவரில் ஒரு சாவி கொடுக்கிற மணிக்கூடு. அம்மம்மாவின் அப்பப்பா துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர், விக்டோரியா மகாராணியின் பொன்விழா வருடம், அதாவது 1887 இல், ஒரு வெள்ளைக்காரத் துரை அவருக்குக் கொடுத்ததாம். வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான கதை. இருபது வருடமாக நின்றிருந்தது, போன மாதம் சாவி கொடுத்துப் பார்த்தேன், ஓடுகிறது. டயலில் ரோமன் இலக்கம், கடதாசி டயல், பெயர் ஒன்றும் இல்லை. பெண்டுலத்தின் பித்தளை வட்டில் ஆர், ஏ என்று இரண்டு எழுத்துகள் பெரிதாக இருக்கின்றன. வருடத்தை எதை வைத்துச் சொல்வது?

பழசு_பிரியன், பெப்ரவரி 2, இரவு 9.32
சந்தேகமே வேண்டாம், 1880கள்தான். நாலுக்கு ஐந்துக்கு முன் ஒரு கோடு போட்டிருக்கிறதா, நாலு கோடாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாலு கோடு என்றால் பழசு. ஆர்.ஏ. என்பது செய்த கம்பனியின் பெயர், அந்தக் காலத்துப் பெரிய கம்பனி.

கடலோர_வீடு, பெப்ரவரி 2, இரவு 9.41
நாலு கோடுதான்! அம்மம்மாவிடம் சொல்லிவிட்டேன், சந்தோஷத்தில் இருக்கிறார்.

கொட்டாஞ்சேனை_திருத்துநர், பெப்ரவரி 3, காலை 6.15
அம்மம்மாவிடம் இன்னும் கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம். நாலு கோடு போடுவது மணிக்கூட்டுக்காரரின் பழைய வழக்கம், இன்றைக்குக் கடையில் வாங்கும் பற்றரி மணிக்கூட்டிலும் அதைப் பார்க்கலாம். அது வருடம் சொல்லாது.

ஆர்.ஏ. கம்பனி என்று ஒன்று இல்லை. பிரெஞ்சில் ரெதார் என்றால் பின்தங்கல், அவான்ஸ் என்றால் முந்தல். நட்டைத் திருகி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறோமே, அதற்கான எழுத்துகள் என்று அநேகமானோர் சொல்வார்கள். அது எப்படியிருந்தாலும், பல கம்பனிகளின் மணிக்கூடுகளில் அந்த வட்டு தொங்கியது, இன்றைக்கும் அதே மாதிரி புதிதாக வாங்கலாம். பெண்டுலம் ஒரு கொக்கியில் தொங்குகிற சாமான், வீடு மாறும்போது முதலில் தொலைவதும் அதுதான். ஆகவே அதை வைத்து ஆரம்பிக்காதீர்கள். டயல் இரண்டாவது, அதையும் மாற்றுவார்கள். மெஷினைத்தான் யாரும் லேசில் மாற்ற மாட்டார்கள். அதன் பின் தகட்டில் ஒரு முத்திரை இருக்கும், அதைப் படம் எடுத்துப் போடுங்கள். கழற்றாமலே எடுக்கலாம். பெண்டுலத்தை முதலில் கழற்றி வைத்துவிட்டு, போனைக் கீழிருந்து பின்னால் நுழையுங்கள்.

ராஜி_தெகிவளை, பெப்ரவரி 3, காலை 10.20
எனக்கும் இதே பிரச்சினை. பெண்டுலம் நன்றாக ஆடுகிறது, ஆனால் முள் நின்றுவிட்டது. கலியாணத்துக்கு வந்த மணிக்கூடு, 2009. சாவித் துவாரம் எங்கே என்று தேடித் தேடிப் பார்க்கிறேன், காணவில்லை.

கொட்டாஞ்சேனை_திருத்துநர், பெப்ரவரி 3, காலை 10.48
அக்கா, அது பற்றரி மணிக்கூடு. அதில் பெண்டுலம் அழகுக்கு ஆடுவது, முள்ளோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. பற்றரியை மாற்றிப் பாருங்கள். உங்கள் மணிக்கூட்டின் வயதைக் கண்டுபிடிக்க வேண்டாம், அழைப்பிதழில் இருக்கும்.

கடலோர_வீடு, பெப்ரவரி 4, இரவு 8.05
படம் கிடைத்தது. நாலைந்து தடவை முயன்று, கையெல்லாம் ஒட்டடை. தகட்டில் எட்டு முனை நட்சத்திரம் ஒன்று, அதற்குள் ஜே என்ற எழுத்து. கொஞ்சம் தள்ளி "ஏ 72" என்று கிடக்கிறது. இன்னொரு மூலையில் 43, அதற்குப் பக்கத்தில் 100.

பழசு_பிரியன், பெப்ரவரி 4, இரவு 8.20
ஜேர்மன் மெஷின்! 72 என்றால் 1872. உங்கள் அம்மம்மா சொன்னதைவிடப் பதினைந்து வருடம் பழசு. வாழ்த்துகள்.

மட்டக்குளி_மைந்தன், பெப்ரவரி 4, இரவு 8.44
என்னிடம் கஸ்டவ் பெக்கர் ஒன்று இருக்கிறது, தொடர் இலக்கம் ஒன்பது இலட்சத்துச் சொச்சம். அதற்குப் பட்டியல் இருக்கிறது, 1890 இல் எட்டு இலட்சம், 1892 இல் பத்து இலட்சம், ஆகவே என்னுடையது அந்த இரண்டுக்கும் நடுவில். இவருடைய மெஷினிலும் இலக்கம் இருக்கிறதே, 72, 43, 100, எல்லாவற்றையும் சேர்த்து அந்தப் பட்டியலில் பார்த்தால் என்ன?

கொட்டாஞ்சேனை_திருத்துநர், பெப்ரவரி 4, இரவு 9.30
மைந்தன், உங்கள் பட்டியல் உங்கள் கம்பனிக்கு மட்டும். அதிலும் பெக்கருக்கு பொஹீமியாவில் பிரவுனாவ் என்ற இடத்தில் கிளை ஒன்று இருந்தது, அங்கே இலக்கம் தனி வரிசை. முத்திரையில் பிரவுனாவ் என்று இருந்தால் அந்தப் பட்டியல் உங்களுக்கும் உதவாது. நாளைக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தங்கச்சிக்கு: எட்டு முனை நட்சத்திரத்துக்குள் ஜே என்றால் யுங்ஹான்ஸ், ஷ்ராம்பெர்க் ஊர். கம்பனி 1861 இல் தொடங்கியது, இந்த எட்டு முனை நட்சத்திரம் 1890 இல் வந்தது. அதற்கு முன் அடித்த தகட்டில் அது இருக்க வழியில்லை. ஆகவே 1872 உம் போயிற்று, மன்னிக்க வேண்டும், 1887 உம் போயிற்று.

அந்த ஏ 72 தான் எனக்கு இடிக்கிறது. யுங்ஹான்ஸ் ஒரு காலத்தில் தகட்டில் அரைவருடக் குறி அடித்தது. ஏ என்றால் தை முதல் ஆனி வரை, பி என்றால் மிச்சம் ஆறு மாதம், பக்கத்தில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம். அந்தக் குறி இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது சொச்ச வருட மெஷின்களில்தான் கண்டிருக்கிறேன். 72 அதற்குள் வராது. வெளிச்சத்தை நேரே அடிக்காதீர்கள், நேரே அடித்தால் பள்ளமும் கீறலும் ஒன்றாகத் தெரியும். டோர்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து இன்னொரு படம் எடுங்கள்.

கடலோர_வீடு, பெப்ரவரி 5, இரவு 7.50
12. ஏழு இல்லை, ஒன்று. ஒன்றின் தலையில் யாரோ ஸ்குரூ டிரைவரால் இழுத்த கீறல் நேர் வெளிச்சத்தில் ஏழாகத் தெரிந்திருக்கிறது. ஏ 12.

கொட்டாஞ்சேனை_திருத்துநர், பெப்ரவரி 5, இரவு 8.15
1912 முதல் அரைவருடம். அது மெஷின் அடித்த காலம் என்பதை மறக்க வேண்டாம். பெட்டிக்குள் பூட்டி, கப்பலில் ஏற்றி, கொழும்புக் கடையில் வந்து தூங்கி, ஒருவர் வாங்குவதற்கு ஒரு வருடமும் போயிருக்கலாம், இரண்டும் போயிருக்கலாம். ஆனால் 1914 ஆவணியில் ஜேர்மனியோடு சண்டை தொடங்கியதும் பிரித்தானியக் குடியேற்ற நாட்டுக்கு ஜேர்மன் சரக்கு வரத்து நின்றுவிட்டது. ஆகவே வந்து இறங்கியது அநேகமாக அதற்கு முன்.

பழசு_பிரியன், பெப்ரவரி 5, இரவு 8.31
அப்படியானால் ராணி பொன்விழா இல்லை, ஐந்தாம் ஜோர்ஜ் முடிசூட்டு விழா! கதையில் ராஜா ராணியாகிவிட்டார்.

கொட்டாஞ்சேனை_திருத்துநர், பெப்ரவரி 5, இரவு 8.36
முடிசூட்டு 1911 ஆனி. மெஷின் 1912. நீங்கள் தினமும் ஆறு மாதம் முந்தி ஓடுகிறீர்கள், உங்கள் நட்டைத்தான் இறக்க வேண்டும்.

கடலோர_வீடு, பெப்ரவரி 6, காலை 7.25
முந்தி ஓடுவது என்றதும் ஞாபகம் வந்தது, இதைக் கேட்கவே இல்லை. நேற்று இரவு எட்டு மணிக்குச் சரியாக வைத்தேன். காலை ஆறுக்கு எழும்பிப் பார்த்தால் ஆறு இருபத்துநாலு. பெண்டுலத்தின் அடி நட்டைக் கடைசி வரைக்கும் இறக்கிவிட்டேன், அதற்குப் பிறகுதான் இந்தக் கணக்கு. பழுதோ?

கொட்டாஞ்சேனை_திருத்துநர், பெப்ரவரி 6, காலை 8.40
பழுதில்லை, உங்கள் பெண்டுலம் உங்களுடையது இல்லை. தகட்டில் 43 என்றது பெண்டுலத்தின் முழு நீளம், சென்ரிமீற்றரில். 100 என்றது நிமிடத்துக்கு அடிக்க வேண்டிய டிக். பெண்டுலம் தொலைந்தால் எந்த நீளம் வாங்குவது என்று தெரிவதற்கே பல ஜேர்மன் கம்பனிகள் அதை அடித்து வைத்தன. இப்போது எத்தனை அடிக்கிறது என்று எண்ணுங்கள். ஐந்து நிமிடம் எண்ணுங்கள், ஒரு நிமிடம் எண்ணினால் பிழைக்கும்.

கடலோர_வீடு, பெப்ரவரி 6, இரவு 9.00
நிமிடத்துக்கு 52. நூறுக்குப் பக்கத்திலேயே இல்லை! மெதுவாக அல்லவா ஓட வேண்டும்?

கடலோர_வீடு, பெப்ரவரி 6, இரவு 9.22
முந்திய பதிவைக் கணக்கில் எடுக்காதீர்கள். பெண்டுலம் இடப்பக்கம் வந்ததை மட்டும் எண்ணியிருக்கிறேன். போக ஒரு டிக், வர ஒரு டிக். ஐந்து நிமிடத்தில் 520 டிக், நிமிடத்துக்கு 104.

கொட்டாஞ்சேனை_திருத்துநர், பெப்ரவரி 7, காலை 6.30
நூறு அடிக்க வேண்டியது 104 அடித்தால் ஒரு மணித்தியாலத்தில் 240 டிக் அதிகம். அந்த மெஷினுக்கு நூறு டிக்தான் ஒரு நிமிடம், ஆகவே மணிக்கு இரண்டு நிமிடமும் சொச்சமும் முந்தும். பத்து மணித்தியாலத்தில் இருபத்துநாலு நிமிடம். நீங்கள் காலையில் பார்த்ததும் அதேதான்.

இனி நீளம். வேகம் நூற்றுக்கு நாலு கூடினால் நீளம் நூற்றுக்கு எட்டுக் குறைந்திருக்கிறது என்று அர்த்தம், இரட்டிப்பாகத்தான் வரும். நிமிடத்துக்கு 100 அடிக்க, தொங்கும் இடத்திலிருந்து வட்டின் நடுவுக்கு ஏறக்குறைய 36 சென்ரிமீற்றர் வேண்டும். அதில் நூற்றுக்கு எட்டு, கிட்டத்தட்ட மூன்று சென்ரிமீற்றர். அவ்வளவு கட்டையான பெண்டுலம் தொங்குகிறது. மீற்றர் பட்டியை வைத்து அளந்து பாருங்கள். இன்னொன்று, கதவுக் கண்ணாடியில் ஏதாவது வட்டமோ பூ வேலையோ இருந்தால், வட்டு அதன் நடுவில் தெரிகிறதா?

கடலோர_வீடு, பெப்ரவரி 7, இரவு 8.10
33 சொச்சம்! கண்ணாடியில் பொன் வரியில் ஒரு வட்டம் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், வட்டு அதற்குள் வராமல் மேல் வரியைத் தொட்டுக்கொண்டு ஆடும். அதுதான் அழகு என்று நினைத்திருந்தேன்.

பழசு_பிரியன், பெப்ரவரி 7, இரவு 8.25
சரி, ஆர்.ஏ. விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். பெண்டுலம் வேறு வீட்டுப் பிள்ளை. டயலாவது மிஞ்சுமா? மஞ்சள் ஏறிப்போன கடதாசி, நூறு வருடம் இல்லாமல் அப்படி மஞ்சளாகுமா? அந்தத் தகட்டையும் பிராசோ போட்டு மினுக்கினால் இன்னும் எழுத்துகள் தெரியும்.

கொட்டாஞ்சேனை_திருத்துநர், பெப்ரவரி 7, இரவு 8.52
தயவு செய்து மினுக்காதீர்கள். நாங்கள் திருத்தும்போது தகட்டில் ஊசியால் திகதி கீறி வைப்போம். மினுக்கினால் முதலில் போவது அந்தக் கீறல்தான். மிச்சமுள்ள பசை துளைகளுக்குள் போய்த் தேய்க்கும்.

கடதாசி மஞ்சளாக நூறு வருடம் வேண்டாம், வெள்ளவத்தைக் கடற்காற்றும் விறாந்தை வெயிலும் பத்து வருடத்தில் செய்துவிடும். டயலுக்கு ஒரு சோதனை இருக்கிறது. கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கு, செட்டியார் தெருவில் எந்த நகைக்கடையிலும் இருக்கும். இருட்டில் டயலுக்கு அடித்துப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிய வேண்டுமென்று கடதாசியில் கலக்கிற இரசாயனம் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, ஏறக்குறைய 1950 இலிருந்துதான் பரவலானது. அது உள்ள கடதாசி நீலமாக மின்னும். மின்னினால் டயல் பிந்தியது. மின்னாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது, ஏனென்றால் பிந்திய கடதாசி எல்லாவற்றிலும் அது இல்லை.

கடலோர_வீடு, பெப்ரவரி 11, இரவு 10.05
நகைக்கடைக்கு மணிக்கூட்டைக் காவிக்கொண்டு போக வெட்கம். சித்தப்பா கடையிலிருந்து விளக்கைக் கொண்டு வந்தார். விறாந்தை லைட்டை அணைத்து அடித்ததும் எல்லோரும் ஓ என்றோம். மஞ்சள் கடதாசி முழுக்க நீலம், திருவிழாப் பந்தல் மாதிரி. ஆனால் இரண்டு சாவித் துவாரத்தைச் சுற்றி மட்டும் இருட்டாக ஒரு வளையம். பித்தளை வளையத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் துவாரம் கைக்கத்தரியால் வெட்டினது போலக் கோணல், அதன் ஓரத்தில் கடதாசிக்கு அடியில் சாம்பல் நிறத் தகடும் அதில் கறுப்பு மையின் ஒரு நுனியும் தெரிகிறது. அடியில் பழைய டயல் இருக்கிறதா? உரித்துப் பார்க்கட்டுமா?

கொட்டாஞ்சேனை_திருத்துநர், பெப்ரவரி 12, காலை 6.20
உரிக்காதீர்கள். அடியில் நாகத் தகட்டில் முதல் டயல் இருக்கலாம், ஆனால் பெயின்ற் கடதாசியோடு சேர்ந்து வந்துவிடும், நான் ஒருமுறை செய்து இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன். ஒட்டின ஆளே அநேகமாக அது அழிந்துபோனதால்தான் ஒட்டியிருப்பார். உரித்தாலும் கிடைக்கப் போவது மேட் இன் ஜேர்மனி என்ற வரி. 1887 இல் பிரித்தானியாவில் வந்த வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகு வழக்கமாகப் போட்ட வரி அது, 1912 மெஷினில் இருந்தால் புதுச் செய்தி ஒன்றும் இல்லை.

மட்டக்குளி_மைந்தன், பெப்ரவரி 12, காலை 9.15
என் முத்திரையில் பிரவுனாவ் இல்லை, ஃபிரைபுர்க் என்று இருக்கிறது. தப்பினேன்.

கடலோர_வீடு, பெப்ரவரி 15, இரவு 9.30
இன்றைக்குத் திருத்துகிறவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்தோம். முதலில் இரண்டு ஸ்பிரிங்கின் முறுக்கையும் சாவியால் மெல்ல மெல்ல இறக்கினார், கையை விட்டால் விரல் போய்விடும் என்றார். பிறகு மெஷினை வெளியே எடுத்தார். முன் தகட்டில், டயல் மூடியிருக்கும் இடத்தில், ஊசிக் கீறல் இரண்டு. ஒன்று "17.8.31", மற்றது 1954 மாதிரி, ஆனால் கடைசி இலக்கம் தெளிவில்லை. 1931 இல் ஒருவர் திருத்தியிருக்கிறார் என்றால் அதற்கு முன்பே கொழும்பில் ஓடியிருக்கிறது. கடதாசி டயல் ஒருவேளை அந்த 54 ஆள் ஒட்டியதோ என்று தோன்றுகிறது, நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அம்மம்மா நாற்காலியைப் போட்டு முழுவதையும் பார்த்தார். நான் ஏ 12 ஐக் காட்டி, அம்மம்மா, 1912 என்றேன். என்னைப் பார்க்கவே இல்லை. "மெஷின் மாற்றியிருப்பினம். பெட்டி அப்பப்பாட பெட்டிதான்" என்றார்.

பழசு_பிரியன், பெப்ரவரி 15, இரவு 9.44
அம்மம்மா சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது! பெட்டிக்கு இன்னும் யாரும் வருடம் சொல்லவில்லையே.

கொட்டாஞ்சேனை_திருத்துநர், பெப்ரவரி 15, இரவு 10.10
முதல் தடவையாக நல்ல கேள்வி. மெஷின் மாற்றியிருந்தால் பெட்டி சொல்லும். மெஷினைத் தாங்கும் இரும்புக் கைகளின் ஸ்குரூவுக்குப் பக்கத்தில் அடைத்த பழைய துளை இருக்கிறதா? மணியடிக்கும் கம்பிச் சுருளின் கட்டைக்குப் பின்னால் மரம் வேறு நிறமா? கட்டை இருந்த இடம் வெளிறாமல் அச்சாக நிற்கும். அந்த அச்சு இப்போதைய கட்டையோடு பொருந்தினால் ஒன்றும் அசையவில்லை என்று அர்த்தம்.

கடலோர_வீடு, பெப்ரவரி 16, இரவு 8.20
கட்டையின் அச்சு அச்சொட்டாகப் பொருந்துகிறது. கைகளின் ஸ்குரூக்களுக்கு மேலே விரற்கடை தூரத்தில் ஒரு பக்கம் மட்டும் ஒரு துளை, மெழுகு வைத்து அடைத்தது. மற்றப் பக்கம் இல்லை.

கொட்டாஞ்சேனை_திருத்துநர், பெப்ரவரி 16, இரவு 8.47
ஒரு துளை மட்டும் என்றால் பெட்டி செய்த தச்சனே முதலில் பிழையாகத் துளைத்திருக்கலாம். வேறு மெஷின் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். பெட்டியும் மெஷினும் ஒன்றாகப் பிறந்தவை என்றுதான் நான் சொல்வேன். ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

பழசு_பிரியன், பெப்ரவரி 16, இரவு 8.50
ஒரு துளை போதும். நான் அம்மம்மா கட்சி.

கடலோர_வீடு, பெப்ரவரி 23, மாலை 6.35
புறக்கோட்டையில் பழைய சாமான் கடை ஒன்றில் மூன்று பெண்டுலம் அளந்து பார்த்து, 43 நீளத்தில் மரக் கம்பு வைத்த ஒன்றை வாங்கினேன், வட்டில் எழுத்து ஒன்றும் இல்லை. முதல் நாள் ஐந்து நிமிடம் பிந்தியது. நட்டை ஒரு சுற்று மேலே ஏற்றினேன், ஒரு நிமிடம் பிந்தியது. இன்னும் கால் சுற்று. இப்போது எண்ணினால் ஐந்து நிமிடத்துக்கு 500, வட்டும் பொன் வட்டத்தின் நடுவில் ஆடுகிறது.

பழைய வட்டை அம்மம்மா துடைத்துத் தன் அலுமாரியில் வைத்திருக்கிறார். "அது உன்ர மணிக்கூட்டுக்குப் பொருந்தாது, அப்பப்பாட மணிக்கூட்டுக்குப் பொருந்தினது" என்கிறார்.